கனமான பந்து: கிராஃப் எடிட்டரில் எதைத் திருத்துவது?

கேள்வி: பிளெண்டரில் பந்து துள்ளும் அனிமேஷன் பழகுகிறேன். இரும்புக்குண்டு மாதிரி கனமாகத் தெரிய வேண்டும். எல்லா கீக்கும் ஈஸ் இன், ஈஸ் அவுட் வைத்தேன். வேகத்தையும் கூட்டிப் பார்த்தேன். அப்படியும் பலூன் மாதிரி மிதக்கிறது. கிராஃப் எடிட்டரில் எதை மாற்றுவது?

இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பந்து மிதப்பது ஒன்று, கனம் இல்லாமல் தெரிவது இன்னொன்று. முதலாவது, தரையைத் தொடும் இடத்தில் கர்வ் வளைந்திருக்கும் விதத்தால் வருகிறது. இரண்டாவது, தரையில் பட்ட பிறகு பந்து எவ்வளவு எழும்புகிறது என்பதால் வருகிறது. விழும் வேகத்தைக் கூட்டியதால் இந்த இரண்டுமே தீராது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் மிதப்பைச் சரிசெய்வோம்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நொடிக்கு 24 ஃப்ரேம். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 22 செ.மீ., அதாவது பௌலிங் பந்தின் அளவு. அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் ஃப்ரேமில் விடுகிறோம், 16ஆம் ஃப்ரேமில் தரையில் படுகிறது. இரண்டு கீ வைத்ததும் பிளெண்டர் தானாகவே பெஸியர் கர்வ் போட்டு, ஹேண்டில்களை `Auto Clamped` என்று வைத்துவிடும். துள்ளலில் உச்சியும் தரையும் மாறி மாறி வருவதால், எல்லா கீயிலும் ஹேண்டில் படுக்கையாகக் கிடக்கும். உச்சியில் அது சரிதான், அங்கே பந்தின் வேகம் பூஜ்யம். ஆனால் தரையிலும் படுக்கையாகக் கிடந்தால், பந்து தரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, மெதுவாகத் தொட்டு, மெதுவாகக் கிளம்புகிறது என்று பொருள். நீங்கள் பார்க்கும் பலூன் இதுதான்.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவு. உண்மையில் 2 மீட்டரிலிருந்து விழும் பந்து, தரையில் படுவதற்கு முந்தைய கடைசி ஒரு ஃப்ரேமில் மட்டும் ஏறத்தாழ 26 செ.மீ. கீழே வருகிறது. தன் குறுக்களவையே தாண்டிவிடுகிறது. `Auto Clamped` ஹேண்டிலோடு அதே கடைசி ஃப்ரேமில் அது நகர்வது இரண்டு செ.மீ. அளவுதான். அடி விழ வேண்டிய இடத்தில் பந்து தரையைத் தடவிப் பார்க்கிறது. ஈஸ் இன், ஈஸ் அவுட் இரண்டையும் எல்லா கீக்கும் கொடுத்தால் நடப்பதும் இதேதான். துள்ளும் பந்துக்கு உச்சியில் மட்டும்தான் ஈஸ். தரையில் கர்வ் ‘V’ மாதிரி கூராக ஒடிய வேண்டும்.

இதற்குப் பல வீடியோக்களில் ஒரு வழி சொல்வார்கள்: தரை கீயைத் தேர்ந்து, V அழுத்தி, `Vector` ஆக்கு. சரி, மிதப்பு பெருமளவு போய்விடும். ஆனால் அது பாதி வைத்தியம். `Vector` ஹேண்டில் பக்கத்துக் கீயை நோக்கி நேர்கோடாக நிற்கும். அதனால் தரையில் படும் நொடியில் பந்தின் வேகம், முழு விழலின் சராசரி வேகத்துக்குச் சமமாகிவிடுகிறது. சும்மா விடப்பட்ட பொருளோ, சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் தரையில் மோதும். ஆக, அடியின் பாதி வலு கர்விலேயே காணாமல் போகிறது. ‘ஏதோ குறைகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை’ என்று மாணவர்கள் வந்து நிற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

முழு வைத்தியம் இது. தரை கீயின் ஹேண்டிலை `Free` ஆக்குங்கள். இடது ஹேண்டிலை இழுத்து, உச்சி கீக்கு நேர் மேலே, விழும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு புள்ளி இருப்பதாக நினைத்து, அந்தப் புள்ளியைப் பார்த்து நிறுத்துங்கள். ஹேண்டிலின் நீளம், நேரக் கணக்கில் அந்த விழலின் மூன்றில் ஒரு பங்கு. உச்சி கீயின் ஹேண்டிலும் அதே மூன்றில் ஒரு பங்கு நீளம், ஆனால் படுக்கையாக. நம் கணக்கில் உச்சி கீயின் வலது ஹேண்டில் 6ஆம் ஃப்ரேமில் 2 மீட்டரில் இருக்கும். தரை கீயின் இடது ஹேண்டில் 11ஆம் ஃப்ரேமில் 1.33 மீட்டரில் இருக்கும். N அழுத்தினால் பக்கத்தில் வரும் பேனலில் இந்த எண்களை நேரடியாகவே அடிக்கலாம். இப்படி வைத்த பெஸியர், புவியீர்ப்பில் விழும் பொருளின் பரவளையத்தோடு அச்சொட்டாகப் பொருந்தும். ‘கிட்டத்தட்ட’ என்று சொல்ல வேண்டியதில்லை, கணக்குப்படி இரண்டும் ஒன்றே.

ஹேண்டிலோடு மல்லாட விருப்பமில்லை என்றால் குறுக்குவழி உண்டு. கீயைத் தேர்ந்து T அழுத்தி `Quadratic` எடுங்கள். பிறகு Ctrl+E அழுத்தி, உச்சி கீக்கு `Ease In`, தரை கீக்கு `Ease Out`. பிளெண்டரில் ஒரு கீயின் அமைப்பு அதற்கு அடுத்து வரும் துண்டையே ஆளும் என்பதை மனதில் வைத்தால் இது குழப்பாது: உச்சியிலிருந்து இறங்குவது மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்க வேண்டும், தரையிலிருந்து எழுவது வேகமாகத் தொடங்கி தணிய வேண்டும். இதிலும் அதே பரவளையம்தான் கிடைக்கும். ஆனால் பிற்பாடு ஒரே ஒரு துள்ளலை மட்டும் கொஞ்சம் திருத்தலாம் என்றால் பிடிக்க ஹேண்டில் இருக்காது. அதனால் நான் முதல் வரைவுக்கு இதை வைத்துக்கொண்டு, பிறகு பெஸியருக்கு மாறிவிடுவேன்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. உச்சியிலிருந்து விழும் நேரத்தில் பாதி கழிந்தபோது, பந்து கால்பங்கு உயரம்தான் இறங்கியிருக்க வேண்டும். நம் கணக்கில் 8, 9ஆம் ஃப்ரேம் வாக்கில் பந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில் நிற்கும். அதாவது காற்றில் இருக்கும் நேரத்தில் பாதியைப் பந்து மேல் கால்பங்கிலேயே கழிக்கிறது. உச்சியில் தொங்கல் வேண்டும் என்று சொல்வது இதைத்தான். அது பரவளையத்திலேயே அடங்கியிருக்கிறது. அதை இன்னும் கூட்டலாமே என்று உச்சி ஹேண்டிலை நீட்டினால் பந்து மேலே ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு பொத்தென்று விழும். கார்ட்டூனுக்கு அது அழகு. கனமான குண்டுக்கு அந்த ஹேண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது என் கட்சி.

இப்போது வேகத்துக்கு வருவோம். நான் பழகிய புதிதில் ஒரு இரும்புக்குண்டு ஷாட். கனமான பொருள் வேகமாக விழும் என்று நினைத்து 2 மீட்டரை ஐந்தே ஃப்ரேமில் இறக்கி வைத்தேன். பக்கத்து மேசை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, கோலிக்குண்டு நல்லா இருக்கு, இரும்புக்குண்டு எங்கே?” என்றார். கிண்டல் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டால் அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. ஐந்து ஃப்ரேமில் ஒரு பொருள் உண்மையில் விழக்கூடிய உயரம் 21 செ.மீ.தான். பார்ப்பவரின் கண், திரையில் தெரியும் உயரத்தை அந்த 21 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், அதே விகிதத்தில் பந்தும் சுருங்கி 2 செ.மீ. சொச்சம் ஆகிறது. அது கோலியின் அளவேதான்.

காற்றின் தடையை விட்டுவிட்டால் கனமானதும் லேசானதும் ஒரே நேரத்தில்தான் தரைக்கு வரும். விழும் நேரம் எடையைச் சொல்வதில்லை, உயரத்தைச் சொல்கிறது, அதன் வழியாகப் பொருளின் அளவைச் சொல்கிறது. எனவே ஃப்ரேம் எண்ணிக்கையை ரசனைக்கு விடாமல் உயரத்திலிருந்தே எடுங்கள். மீட்டரில் உயரம் h என்றால்:

```
24 * sqrt(2 * h / 9.81)
```

2 மீட்டருக்கு இது 15 ஃப்ரேம் தரும். அதனால்தான் மேலே 1இல் தொடங்கி 16இல் முடித்தேன். 20 மீட்டர் பாறை உச்சியிலிருந்து நேராக விழும் கல்லுக்கு 48 ஃப்ரேம், முழுசாக இரண்டு நொடி. பெரிய பொருளை அனிமேட் செய்யும்போது ‘ரொம்ப மெதுவாக இருக்கிறதே’ என்று பயந்து வேகத்தைக் கூட்டுவதுதான் அதைப் பொம்மையாக்கிவிடும்.

விழும்போது எடை தெரியாது என்றால் எங்கே தெரியும்? தரையில் பட்ட பிறகு. ஒவ்வொரு மோதலிலும் பந்து தன் வேகத்தில் ஒரு பங்கை மட்டும் திருப்பி வாங்குகிறது. அந்தப் பங்கை e என்று வைத்துக்கொள்வோம். அடுத்த துள்ளலுக்கு ஆகும் நேரமும் அதே e மடங்கு. உயரமோ e-யின் வர்க்கம். டென்னிஸ் பந்துக்கு இது விதியாகவே இருக்கிறது: 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தளத்தில் விட்டால், வழக்கமான வகைப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். உயரத்தில் பாதிக்குச் சற்று மேல், அதாவது e ஏறத்தாழ 0.75. டேபிள் டென்னிஸ் மேசையில் 30 செ.மீ.இலிருந்து விட்ட பந்து 23 செ.மீ. அளவு எழ வேண்டும் என்பது விதி. அங்கே e இன்னும் அதிகம்.

கனமான குண்டுக்கு நான் 0.4 எடுத்துக்கொள்வேன். இது அளந்த எண் இல்லை, என் தேர்வு. தரை சிமென்ட்டா, மரமா, மண்ணா என்பதைப் பொறுத்து இது நிறைய மாறும். பள்ளி மைதானத்தில் குண்டு எறிதல் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணில் விழுந்தால் துள்ளலே இல்லை, குழிதான். இயற்பியல் கண்டிப்புக்கும் ஒரு வார்த்தை: e எடையைச் சொல்வதில்லை, பொருளையும் தரையையும் சொல்கிறது. எஃகுக் குண்டு கனத்த எஃகுத் தகட்டில் விழுந்தால் நன்றாகவே எழும்பும். ஆனால் வீட்டிலும் தெருவிலும் நாம் பார்த்த கனமான பொருள்கள் பெரும்பாலும் கொஞ்சமாக எழும்பி அடங்கியவை. பார்ப்பவர் அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் ‘இது கனம்’ என்று முடிவு செய்கிறார். இந்தக் கடைசி வரி என் அனுபவம், மேலே சொன்ன சூத்திரம்போல உறுதியானதில்லை.

0.4 வைத்துக் கணக்கை முடிப்போம். 16இல் முதல் அடி. திரும்ப எழும் உயரம் 2 மீட்டரில் 16 சதவீதம், 32 செ.மீ. ஏற 6 ஃப்ரேம், இறங்க 6 ஃப்ரேம். உச்சி 22இல், இரண்டாம் அடி 28இல். அடுத்த எழுச்சி வெறும் 5 செ.மீ., போய்வர 5 ஃப்ரேம், அடி 33இல். அதற்கடுத்தது ஒரு செ.மீ.க்கும் குறைவு, இரண்டே ஃப்ரேம், 35இல் தரை. முடிந்தது, ஒன்றரை நொடிகூட இல்லை. இதே உயரத்திலிருந்து e 0.8 உள்ள ரப்பர் பந்தை விட்டால், அது அடங்க 135 ஃப்ரேம் ஆகும். இரண்டுக்கும் முதல் 15 ஃப்ரேம் ஒன்றேதான்.

கிராஃபில் இதைச் சரிபார்க்க அழகான ஒரு வழி இருக்கிறது. 16ஆம் ஃப்ரேம் கீயின் இடது ஹேண்டில் 5 ஃப்ரேமுக்கு 1.33 மீட்டர் ஏறுகிறது. வலது ஹேண்டில், அதே இரண்டு மடங்கு விதிப்படி, 2 ஃப்ரேமுக்கு 21 செ.மீ. ஏறும். ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வலது சரிவு இடது சரிவில் 0.4 பங்கு. அதாவது V-யின் இரண்டு கால்களும் ஒரே சரிவில் இருந்தால் பந்து எதையும் இழக்கவில்லை. வலது கால் சாய்ந்து கிடக்கக் கிடக்கப் பந்து கனக்கிறது. பழகிவிட்டால் எண் பார்க்காமலே, கர்வைப் பார்த்த மாத்திரத்தில் எந்தத் துள்ளல் பொய் என்று தெரிந்துவிடும். மூன்றாம் துள்ளலில் மட்டும் V திடீரென்று நிமிர்ந்திருந்தால் அங்கே பந்து எங்கிருந்தோ புதுத் தெம்பு வாங்கியிருக்கிறது.

அடி விழும் கீ எப்போதும் முழு ஃப்ரேமில் இருக்கட்டும். 28.4இல் இருந்தால் 28லும் தரைக்கு மேலே, 29லும் தரைக்கு மேலே, தொட்ட படமே இருக்காது. கனம் அந்த ஒரு படத்தில்தான் பதிகிறது. கீகளைத் தேர்ந்து Shift+S அழுத்தி அருகிலிருக்கும் ஃப்ரேமுக்குத் தள்ளிவிடலாம். உச்சி கீ அரை ஃப்ரேமில் நின்றால் கவலை வேண்டாம், அங்கே வேகமே இல்லை.

பந்தைத் தரையிலேயே இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் கனம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். பொருளைப் பொறுத்தது. கெட்டியான பந்து தரையைத் தொட்டிருக்கும் நேரம் சில மில்லி நொடிகள்தான், ஒரு ஃப்ரேமோ ஏறத்தாழ 42 மில்லி நொடி. எனவே இரும்புக்குண்டுக்கு ஒரே ஃப்ரேம், ஸ்குவாஷ் கிடையாது. தண்ணீர் நிரப்பிய பந்து, மணல் பை என்றால் இரண்டு மூன்று ஃப்ரேம் நசுங்கிக் கிடக்கலாம், அதுவும் கனம்தான், வேறு ஜாதிக் கனம். விழும்போது நீட்டுவதையும் குண்டுக்குத் தவிர்த்துவிடுங்கள். கடைசி ஃப்ரேம்களில் பந்து விட்டுவிட்டுத் தெரிந்தால் மோஷன் ப்ளர் போதும்.

இதுவரை பேசியது உயரத்தின் கர்வ் மட்டும். பக்கவாட்டு நகர்வில் நடக்கும் தப்பு இன்னும் பொதுவானது: இடத்தை ஒட்டுமொத்தமாக கீ போட்டதால், ஒவ்வொரு உச்சியிலும் தரையிலும் X கர்விலும் ஒரு கீ உட்கார்ந்திருக்கும். உயரத்தைத் திருத்தும்போது அவையும் சேர்ந்து மாறி, பந்து காற்றில் முன்னும் பின்னும் தயங்கும். நடுவில் இருக்கும் X கீகளை எல்லாம் அழித்துவிடுங்கள். காற்றில் பந்தைப் பக்கவாட்டில் தடுக்க யாருமில்லை, எனவே துள்ளும்வரை நேர்கோடு. ஒவ்வொரு அடியிலும் சரிவு துளி குறையலாம். 35க்குப் பிறகு உருளல். உருளும் குண்டின் வேகம் சீராகக் குறைந்து நிற்பதால் அங்கே `Quadratic`, `Ease Out` பொருந்தும். துள்ளல் சீக்கிரம் முடிந்து உருளல் நீண்டு போவது குண்டுக்கு நல்லது. நேர்கோட்டின் சரிவு அப்படியே உருளலுக்குள் தொடர வேண்டும், இடையில் முறிவு தெரியக்கூடாது.

உருளும்போது சுழற்சியும் பொருந்த வேண்டும். 22 செ.மீ. பந்து ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 69 செ.மீ. நகரும். அதைவிடக் குறைவாகச் சுற்றினால் குண்டு வழுக்குகிறது, எடை அங்கே கழன்றுவிடும். சுழற்சியைப் பந்திலும், இட நகர்வை அதற்குத் தாயான ஒரு எம்ப்டியிலும் வைத்தால் இரண்டு கர்வும் ஒன்றையொன்று கெடுக்காது. எம்ப்டியைப் பந்தின் அடியில் வைத்துக்கொண்டால் மேலே சொன்ன உயரங்களையும் அப்படியே அடிக்கலாம், தரை என்றால் பூஜ்யம்.

T மெனுவில் `Bounce` என்று ஒன்று தயாராகவே இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது ராபர்ட் பென்னரின் ஈஸிங் சமன்பாடுகளிலிருந்து வந்தது, பரவளையங்களும் சரியானவை. ஆனால் அதற்குள் e 0.5 என்று பூட்டி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு துள்ளலும் முந்தையதில் கால்பங்கு, மூன்று துள்ளல், அவ்வளவுதான். முதல் விழலைப் போல 2.75 மடங்கு நேரத்தில் எல்லாம் முடியும். நம் 2 மீட்டருக்கு இரண்டு கீக்கும் நடுவே 41 ஃப்ரேம் விட்டால் புவியீர்ப்பு சரியாக இருக்கும். 24 விட்டால் குண்டு மறுபடி சுருங்கித் தெரியும். பட்டனோ ஐகானோ துள்ள வேண்டுமென்றால் இதையே போட்டுவிடலாம்.

உங்கள் ஃபைல் நொடிக்கு 24தானா என்பதையும் ஒருமுறை பாருங்கள். 30 என்றால் சூத்திரத்தில் 24க்குப் பதில் 30 வைக்க வேண்டும், 2 மீட்டர் விழ 15க்குப் பதில் 19 ஃப்ரேம் ஆகும். கீகளை 24க்குப் போட்டுவிட்டுப் பிறகு 30க்கு மாற்றினால், விழல் நான்கு ஃப்ரேம் குறைந்துபோய், குண்டு மறுபடி கொஞ்சம் சுருங்கித் தெரியும்.